பின் இருக்கையில் ஒருவர்

பத்தாண்டுகளாக வீட்டில் ஆங்கில டியூஷன் எடுக்கும் என் பழைய மாணவி, வெளிநாட்டில் கற்பிக்க 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ் போதுமா என்று கேட்டாள். கேம்பிரிட்ஜின் செல்டாவும் ஏறத்தாழ 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். பயிற்றுநர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுப்பார். பல பள்ளிகள் கேட்பது அந்த 6 மணி நேரத்தைத்தான்.

"புரிந்ததா?" என்றால் வகுப்பே தலையாட்டும். 'ஐ யூஸ்ட் டு ஸ்மோக்' என்று கற்பித்தபின், "இப்போதும் புகைக்கிறாரா?" என்று கேட்டால்தான் புரிந்ததா என்பது தெரியும். இதைக் காணொளியும் சொல்லித்தரும். நாம் கேட்க மறந்ததைப் பின்னால் இருப்பவர்தான் கவனிப்பார்.

அவள் உடையையும் போக்குவரத்தையும் கண்காணிக்கப் பலர் இருந்தார்கள். அவள் பாடத்தை ஒருவரும் பார்த்ததில்லை.