லண்டனிலிருந்து ஓல்னிக்குப் போன கடிதங்கள்

1784 ஜனவரி 13 அன்று கவிஞர் வில்லியம் கூப்பர் தன் பழைய போதகருக்கு ஒரு பதில் எழுதினார். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஓல்னி என்ற சிற்றூரில் அவர் இருந்தார்; போதகர் ஜான் நியூட்டன் அப்போது லண்டனில். நண்பர்கள் எல்லாரும் என்ன நினைக்கிறார்கள் என்பது தனக்குத் தெரியும் என்று கூப்பர் தொடங்குகிறார். ஒருமுறை சத்தியத்தைக் கைப்பிடித்தவன் அதை ஒருபோதும் முற்றாக இழக்க முடியாது, எனவே கூப்பரும் ஒருநாள் திரும்பி வருவார் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான், தன்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் பொருந்தும் என்கிறார் அவர். பிறகு ஒரு வேலியைக் காட்டுகிறார். குளிர்காலத்தில் செத்ததுபோல் நிற்கும் உயிர்வேலி பருவம் வந்ததும் துளிர்த்துவிடும்; அதற்குள் நட்டிருக்கும் வேலிக்காலுக்கு அப்படி ஒரு பருவம் குறிக்கப்படவில்லை.

இந்தப் பதிலைப் படித்துவிட்டு ஒரு போதகர் என்ன எழுதுவார்?

நியூட்டனை உலகம் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவராக அறியும். இளமையில் மனம் மாறிய பிறகும் சில ஆண்டுகள் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்து, பின்னர் 1764இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று ஓல்னிக்கு வந்தார். கூப்பருக்கு அதற்கு முந்தைய ஆண்டு வேறு மாதிரி. நாடாளுமன்றப் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவிக்காக நேர்முகத் தேர்வுக்கு நிற்க வேண்டும் என்ற பயமே அவரைத் தற்கொலை முயற்சிவரை கொண்டுபோயிற்று. செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே 1764இல் ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தபோது தனக்கும் மன்னிப்பு உண்டு என்ற உறுதி அவருக்கு வந்தது. அந்த உறுதியோடுதான் 1767இல், தனக்கு அடைக்கலம் தந்த அன்வின் குடும்பத்தின் விதவைத் தாய் மேரி அன்வினோடு ஓல்னிக்குக் குடிவந்தார்.

நியூட்டன் வீட்டுக்கும் கூப்பர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பழத்தோட்டம். தெருவைச் சுற்றாமல் அதன் வழியாகப் போய்வர ஆண்டுக்கு ஒரு கினி கட்டணம் கொடுத்தார்கள். இன்றும் அந்த இடத்துக்கு 'கினி ஃபீல்டு' என்றே பெயர். இருவரும் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள், ஜெபக்கூட்டம் நடத்தினார்கள், அந்தக் கூட்டங்களுக்காக ஞானப்பாட்டுகள் எழுதினார்கள். அவை 1779இல் 'ஓல்னி ஹிம்ஸ்' என்று 348 பாட்டுகளாக அச்சானபோது, அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. புத்தகம் வெளிவந்த நேரத்தில் அவற்றை எழுதியவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உடைந்தது 1773இன் தொடக்கத்தில். ஜனவரி முதல் நாள் ஆராதனையில், இப்போது உலகமே பாடும் அந்தப் பாட்டை நியூட்டன் தன் பிரசங்கத்தோடு சேர்த்து அறிமுகப்படுத்தினார் என்று கருதப்படுகிறது. அந்த மாதமே கூப்பரின் மனம் சரிந்தது. பிப்ரவரியில் ஒரு கனவு. அதில் ஒரு குரல் லத்தீனில், உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்று தீர்ப்புச் சொன்னது. கடவுள் இல்லை என்று கூப்பர் ஒருநாளும் சொன்னதில்லை. கடவுள் உண்டு, கிருபை உண்டு, எல்லாருக்கும் உண்டு, தனக்கு மட்டும் கதவு பூட்டியாயிற்று என்பதுதான் அவர் கண்ட முடிவு. எனவே ஆலயத்துக்குப் போவதும் ஜெபிப்பதும் தனக்கு உரிமையில்லாத இடத்தில் நுழைவது என்று நினைத்தார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் மற்றவர்கள் ஜெபிக்கும்போது, தனக்கு இதில் பங்கில்லை என்று காட்ட கத்தியையும் முள்கரண்டியையும் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாராம்.

நம் சபைகளில் இப்படி நின்றுபோனவரைப் 'பின்மாற்றக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நியூட்டன் அப்படி முடிக்கவில்லை. அவர் இதை முதலில் நோயாகப் பார்த்தார், காட்டனிடம் ஆலோசனை கேட்டார். 1773 ஏப்ரலில், தன் வீட்டு வாசலில் கூடும் சந்தை இரைச்சலுக்குப் பயந்து கூப்பர் குருமனைக்கு வந்தார். வந்தவர் திரும்பிப் போக மறுத்து, அடுத்த ஆண்டு மே வரை அங்கேயே தங்கினார். இடையில் ஒரு தற்கொலை முயற்சியும் நடந்தது. ஓராண்டுக்கு மேல் வீட்டுக்குள் இப்படி ஒருவரை வைத்திருந்தது நியூட்டனுக்கும் அவர் மனைவிக்கும் எளிதாக இருக்கவில்லை. பொறுமை தீர்ந்த நாட்களும் உண்டு என்பதை நியூட்டனே மறைக்கவில்லை. பின்னால் எழுதிய கடிதங்களை இந்தப் பின்னணி இல்லாமல் படிக்கக் கூடாது. முன்பின் தெரியாத பாதிரியார் ஒருவர் அனுப்பும் ஆறுதல் வார்த்தை வேறு, தன் வீட்டுப் படுக்கையறையைக் கொடுத்தவர் எழுதுவது வேறு.

நியூட்டன் 1780இல் லண்டன் லொம்பார்ட் தெருவில் உள்ள செயின்ட் மேரி உல்நோத் ஆலயத்துக்கு மாறிப் போனார். அன்றிலிருந்து எல்லாம் தபாலில்தான். கூப்பரின் பதில்களை வரிசையாகப் படித்தால் போதகர் எதை முயன்றார், எது எடுபட்டது, எது படவில்லை என்று ஓரளவு பிடிபடும்.

வாதம் எடுபடவில்லை. 1782 மார்ச்சில் நியூட்டன் அனுப்பியது சைமன் பிரவுன் என்பவரின் கதை. பிரவுன் அரை நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு சபைப் போதகர். தன் பகுத்தறியும் ஆன்மாவைக் கடவுள் அழித்துவிட்டார், தான் வெறும் விலங்கு என்று உறுதியாக நம்பினார். அப்படி நம்பிக்கொண்டே கிறிஸ்தவத்தை ஆதரித்துக் கூர்மையான நூல் ஒன்று எழுதினார், அதை ராணிக்குக் காணிக்கையாக்கி எழுதிய உரையில் தனக்கு ஆன்மா இல்லை என்றும் எழுதிவைத்தார். இதை அனுப்பியவரின் நோக்கம் வெளிப்படை: இவ்வளவு தெளிவாக எழுதியவரின் நம்பிக்கை எவ்வளவு பிசகானது பார், உன்னுடையதும் அப்படித்தான். கூப்பர் எழுதிய பதில், அந்தக் கதை தனக்கு முன்பே தெரியும் என்பது. தனக்கும் பிரவுனுக்கும் உள்ள வேறுபாடுகளைக் காட்ட முடியும், காட்டினால் தன் நிலையே மோசமானது என்று விளங்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். சட்டம் படித்தவர் அல்லவா. எந்த முன்மாதிரித் தீர்ப்பைக் கொண்டுவந்தாலும் அது தன் வழக்குக்குச் செல்லாது என்று தள்ள அவருக்குத் தெரியும். அதே ஆண்டு பக்கத்து ஊர் போதகர் வில்லியம் புல் ஜெபிக்கச் சொன்னபோதும், ஜெபிக்கத் தனக்கு உரிமை உண்டு என்று நிரூபித்தால் ஓயாமல் ஜெபிக்கத் தயார் என்று நிபந்தனை போட்டார். அந்த நிரூபணத்தை எந்தப் போதகராலும் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

எடுபட்டது மற்றதெல்லாம். நியூட்டனின் மனைவி லண்டனிலிருந்து ஒரு பீப்பாய் சிப்பி அனுப்பினார். வண்டிக்காரன் பட்டியலில் அது ஏறாததால் தேடிப் பிடிப்பதற்குள் தாமதமாகி, வந்தபோது சில சிப்பிகள் செத்தும் சில காய்ந்தும் போயிருந்தன. கூப்பர் இந்தச் சங்கதி முழுவதையும் செய்யுளாக்கி நன்றிக் கடிதமாக அனுப்பினார். 1781 ஜூலை 12 அன்று நியூட்டனுக்கு எழுதிய கடிதம் உரைநடைபோலவே ஓடும், ஆனால் வரிக்கு வரி எதுகை விழும். படிப்பவரை உட்கார்ந்த இடத்தில் ஆடவைக்கும் குறும்பு அது. தான் நித்திய தண்டனைக்கு ஆளானவன் என்று நம்பும் மனிதர் எழுதியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் இருவருக்கும் நடுவில் போய்வந்தவை பெரும்பாலும் கூப்பரின் முதல் கவிதைத் தொகுதிக்கான வேலைகள். ஜோசப் ஜான்சன் என்ற பதிப்பாளரிடம் நூலைச் சேர்த்தது நியூட்டன். முன்னுரையும் அவரே எழுதினார். பக்தி தூக்கலாக இருக்கிறது, விற்பனையைக் கெடுக்கும் என்று ஜான்சன் தயங்க, 1782இல் முன்னுரை இல்லாமலேயே நூல் விற்பனைக்கு வந்தது. நியூட்டன் அதற்காகக் கடிதத்தை நிறுத்தவில்லை. ஆலயத்துக்கு வராதவரின் வேலையை இவ்வளவு மதித்துக் கையிலெடுத்துச் செய்ததுதான் அவர் எழுதியதிலேயே நல்ல ஊக்கக் கடிதம் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிசகியதும் உண்டு. 1786 செப்டம்பரில் நியூட்டன் திருமதி அன்வினுக்கு எழுதிய கடிதம் கண்டிப்பாக இருந்தது. கூப்பர் உறவுக்காரப் பெண்மணி லேடி ஹெஸ்கெத்தின் வண்டியில் உலா போகிறார், கத்தோலிக்கரான திராக்மார்ட்டன் குடும்பத்தாரோடு பழகுகிறார், உலகப் போக்கில் போய்விட்டார் என்று ஓல்னியிலிருந்து யாரோ கோள் சொல்லியிருந்தார்கள். கூப்பர் வெகுண்டார். பல ஆண்டுகள் திருமதி அன்வினையும் தோட்டத்தையும் முயல்களையும் தவிர வேறு துணை அதிகம் இல்லாதிருந்தவருக்கு அந்த வண்டிப் பயணங்கள் மருந்தாக இருந்தன. ஆராதனைக்கு வராதது போதகருக்குக் கவலை; வேறு எங்கோ மகிழ்ச்சியாக இருக்கிறார் என்ற செய்தி அவருக்கு ஏன் உறுத்த வேண்டும்? இந்த இடத்தில் நியூட்டன் ஊர்க்காரர்கள் காதால் கேட்டார், நண்பனின் காதால் கேட்கவில்லை. கூப்பர் மரியாதை குறையாமல், விட்டுக்கொடுக்காமல் பதில் எழுதினார். அடுத்த ஜனவரியில் நோய் மறுபடி வந்து அரை ஆண்டு அவரைப் படுத்தியது.

நோயிலிருந்து தேறி 1787 அக்டோபர் 2 அன்று நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் கூப்பர் ஒரு விஷயத்தை உடைத்தார். 13 ஆண்டுகளாக, தனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர் உண்மையான நியூட்டன் என்று தான் நம்பவே இல்லையாம். தான் நேசித்த நண்பர் போய், அந்த உருவத்தில் வேறு யாரோ இருப்பதாக நினைத்திருந்தாராம். இந்த நோய்க்குப் பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது என்கிறார். சைமன் பிரவுன் கதையும், அச்சுப்படித் திருத்தங்களும் எல்லாம் ஓர் ஆள்மாறாட்டக்காரனிடமிருந்து வருவதாகவே அவருக்குத் தோன்றியிருக்கின்றன. போதகர் எவ்வளவு பொருத்தமான வசனத்தை எடுத்து எழுதினாலும், எழுதுபவர் யார் என்பதிலேயே கோளாறு இருந்தால் வசனம் எங்கே போய்ச் சேரும்? ஆனால் அந்த ஆள்மாறாட்டக்காரனுக்கே கூப்பர் 13 ஆண்டுகள் விடாமல், சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிப்பிப் பீப்பாய் யார் அனுப்பினாலும் சிப்பிதான்.

அதன்பின் அவர்கள் கடிதங்களில் வாதம் குறைந்தது. 1788இல் நியூட்டன் அடிமை வியாபாரத்தில் தான் கண்டதையும் செய்ததையும் நூலாக எழுதினார். அதே ஆண்டு கூப்பர் அந்த வியாபாரத்தை எதிர்த்துக் கதைப்பாட்டுகள் எழுதினார். ஆலயத்துக்குள் சேர முடியாத இருவர் அதற்கு வெளியே ஒரே வேலையில் சேர்ந்துகொண்டார்கள்.

திருமதி அன்வின் 1796இல் இறந்த பிறகு, நார்ஃபோக்கில் உறவினர் ஒருவரின் பராமரிப்பில் இருந்த கூப்பர் கடைசிவரை தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1799 மார்ச்சில் எழுதிய கவிதையில், கப்பலிலிருந்து அலை அடித்துக்கொண்டுபோன ஒரு மாலுமி தெரிகிறார். தோழர்கள் பீப்பாயும் கூண்டும் கயிறும் வீசுகிறார்கள். காற்று கப்பலை நிறுத்த விடவில்லை, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. மூன்று வாரம் கழித்து நியூட்டனுக்கு எழுதியதே அவருக்கான கடைசிக் கடிதம். தன் நிலை தேறவில்லை என்றுதான் அதிலும் எழுதினார். 1800 ஏப்ரல் 25 அன்று இறந்தார். 74 வயதாகிப் பார்வை மங்கிக்கொண்டிருந்த நியூட்டன் அடுத்த மாதம் லண்டனில் தன் சபையாருக்கு முன்னால் நண்பருக்காகப் பிரசங்கித்தார். எடுத்துக்கொண்ட பகுதி யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் வரும் முட்செடி: தீப்பற்றி எரிந்தும் வெந்துபோகாதது. 27 ஆண்டுகள் ஆராதனைக்கு வராதவரைப் பற்றிய அந்தப் பிரசங்கத்தில், அவர் கடவுளால் கைவிடப்பட்டார் என்ற எண்ணத்துக்கு நியூட்டன் இடமே கொடுக்கவில்லை.