சும்மா காமெடிக்கு

சனி, இரவு

கல்லூரிக் கூட்டாளிகள் பிரியாணிக் கடை மாடியில் கூடினோம். குரூப் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கியவன், “ஃப்ளாஷைப் போடுங்கடா, மு.வோட பல்லு மட்டும்தான் தெரியுது” என்றான். ஹாஸ்டல் காலத்து ஜோக். மேசையே சிரித்தது. மு.வும் சிரித்தான், உதட்டைப் பிரிக்காமல்.

“போதும்டா, அவன் நிறத்தை விடு” என்றேன்.

“ஏன் மச்சி சீரியஸாகுற? சும்மா காமெடிக்குத்தானே. அவனே சிரிக்கிறான் பாரு.”

யாரும் பேசவில்லை. ஒருவன் ரைத்தாவைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு செ. தலை நிமிராமலே, “இல்லடா, அவன் சொல்றது சரிதான், விடு” என்றான். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது.

ஞாயிறு

காலையில் இரண்டு பேர் தனித்தனியாக வாட்ஸ்அப் செய்திருந்தார்கள்: “நீ கேட்டது கரெக்ட் மச்சி.” நேற்று சத்தமாகச் சிரித்தவர்கள்தான் இருவரும். ஆக, மேசையில் கேட்ட சிரிப்பு முழுவதும் சம்மதமில்லை. அடுத்தவன் ரசிக்கிறான் என்று நினைத்து ஒவ்வொருவனும் சிரித்திருக்கிறான்.

ஜோக் சொன்னவன் எனக்குச் சொன்ன பதிலும் சாமர்த்தியமானது. ‘சும்மா’ என்றதுமே குற்றம் ஜோக் சொன்னவனை விட்டுத் தட்டிக் கேட்டவன் தலையில் ஏறிவிடுகிறது. ‘அவனே சிரிக்கிறான்’ என்பது அதைவிட மோசம். மு. சிரிக்காமல் இருந்தால் ‘ரோஷக்காரன்’ என்று அடுத்த ஜோக் தயாராகும். வேறு என்னதான் செய்வான்?

திங்கள்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் அமெரிக்காவில் நடத்திய சோதனை நினைவுக்கு வந்தது. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் முன்பே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள். ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டுவார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஆட்களில் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னபோது, தவறான பதில்கள் ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்தன.

அங்கே இருந்தது கோடு, அளந்தால் முடிந்தது. கேலியை அளக்க ஸ்கேல் கிடையாது. போதாததற்கு, எதிரே இருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்களும் இல்லை. நாளைக்குக் கல்யாணம், காரியம் என்றால் வந்து நிற்கப் போகிறவர்கள். அதனால்தான் மேனேஜரை எதிர்த்துப் பேசுகிறவனுக்கும் மச்சானிடம் வாய் வருவதில்லை.

புதன்

மு. போன் செய்தான், கார் லோன் விஷயமாக. வைக்கும்முன் சொன்னான்: “அன்னைக்கு நீ பேசினப்போ எனக்குத்தான் கூச்சமா போச்சு, எல்லாரும் என்னையே பாத்தாங்க. செ. பேசினதும்தான் மூச்சு வந்துச்சு.”

நானும் அதையேதான் சொல்வேன். தனியாகப் பேசியவன் சண்டைக்காரன்; இரண்டாவது குரல் வந்துவிட்டால் அது வெறும் அபிப்பிராய பேதம். எனவே முதலில் பேசத் தைரியம் வராதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாராவது வாய் திறந்தால், வீட்டுக்குப் போய் மெசேஜ் அனுப்பாதீர்கள். அங்கேயே, அந்த மேசையிலேயே, “அவன் சொல்றது சரிதான்” என்று சொல்லிவிடுங்கள்.