ஒரு டெஸ்ட் கேஸ், மூன்று பிரதிகள்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பேருந்து முன்பதிவுச் செயலியைச் சோதிக்கும் குழுவினர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டெஸ்டிங் என்றால் பக் பிடிப்பது என்றுதான் வெளியில் நினைக்கிறோம். அவர்களுடைய நேரத்தில் கணிசமான பங்கு, ஏற்கெனவே எழுதி வைத்த டெஸ்ட் கேஸைத் தேடுவதில் போகிறது. திரையின் இடப்பக்கத்தில் இருந்த ஃபோல்டர் மரத்தைப் பார்த்தபோதே காரணம் தெரிந்தது. `Release_4.1`, `Release_4.2`, `Sprint 31`, `Payment`, `Cancellation`, `Regression_old`, `Regression_final`, `Misc` என்று ஒரே வரிசையில் அடுக்கியிருந்தார்கள். இதில் சில பெயர்கள் செயலியின் எந்தப் பகுதி என்று சொல்கின்றன, சில எப்போது எழுதியது என்று, சில எதற்காக ஓட்டுவது என்று. மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே மரம் பதில் சொல்ல முயல்கிறது. ஃபோல்டர் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும், அதாவது செயலியின் எந்தப் பகுதி என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் டேக்குக்கும் சூட்டுக்கும் ரன்னுக்கும் போக வேண்டும் என்பது என் வாதம்.

கலந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு விதி மாற்றத்தை வைத்துப் பார்க்கலாம். பயணத்துக்கு 12 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பது பழைய விதி. அதை 24 மணி நேரம் என்று மாற்றிவிட்டார்கள். இதைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ் முதலில் `Cancellation` ஃபோல்டரில் எழுதப்பட்டது. 4.2 வெளியீடு வந்தபோது `Release_4.2` ஃபோல்டருக்கு ஒரு பிரதி போனது, ரிக்ரஷனுக்காக `Regression_final` ஃபோல்டருக்கு இன்னொன்று. விதி மாறிய வாரத்தில் ஒருவர் முதல் பிரதியை மட்டும் திருத்தினார். மற்ற இரண்டும் அவர் கண்ணில் படவே இல்லை. அடுத்த ரிக்ரஷனில் பழைய பிரதியை ஓட்டியவருக்கு அது ஃபெயில் ஆனது. எதிர்பார்த்த விளைவு 12 மணி என்று எழுதியிருக்க, செயலி 24 மணிக்கணக்கில் பணத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் பக் போட்டார், டெவலப்பர் ‘செயலி சரியாகத்தான் நடக்கிறது’ என்று மூடினார். இப்படித் திரும்பி வரும் பக்குகள் ஒரே பகுதியில் அடிக்கடி வந்தால், அங்கே பழைய பிரதிகள் கிடக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இதைவிட மோசமானது சத்தமில்லாமல் பாஸ் ஆகிற பிரதி. எதிர்பார்த்த விளைவில் ‘பணம் சரியாகத் திரும்ப வர வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், புதிய விதியை அது சோதிக்கவே சோதிக்காது, ஆனால் அறிக்கையில் பச்சையாக நிற்கும்.

வெளியீட்டுக்கு ஒரு ஃபோல்டர் வேண்டும் என்பவர்கள் சொல்லும் நியாயம் சாதாரணமானதல்ல. “4.2ல என்னென்ன டெஸ்ட் பண்ணோம்னு ஆடிட்ல கேட்டா காட்டணுமே” என்றார் அந்தக் குழுவின் லீட். காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிவு இருக்க வேண்டிய இடம் ரன். டெஸ்ட்ரெயிலில் கேஸ் ஒரு செக்‌ஷனில் இருந்தபடியே இருக்க, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேவையானவற்றைத் தேர்ந்து ஒரு ரன் உருவாக்குகிறோம். வேலை முடிந்து ரன்னை மூடிவிட்டால், பிறகு கேஸைத் திருத்தினாலும் மூடிய ரன்னில் இருப்பது மாறாது. அஷ்யூர் டெஸ்ட் பிளான்ஸில் பழைய பிளானை நகலெடுக்கும்போது, இருக்கிற கேஸ்களையே சுட்டுவதா, புதிதாக இன்னொரு பிரதி எடுப்பதா என்று கருவியே கேட்கிறது. மூன்று பிரதிகள் பிறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யோசிக்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ரிக்ரஷன் சூட்டை எப்படிக் கட்டுவது? அஷ்யூரில் சூட் மூன்று வகை: கையால் கேஸ்களைச் சேர்ப்பது, ஒரு தேவையோடு கட்டுவது, வினவலால் தானாக நிரம்புவது. மூன்றாவதற்கு இவ்வளவு போதும்:

```
Work Item Type   In Group   Test Case Category
Area Path        Under      BusBooking\Cancellation
Tags             Contains   regression
```

ரத்துப் பகுதியில் புதிதாக எழுதிய கேஸில் `regression` டேக் போட்டால் அது சூட்டுக்குள் வந்துவிடும், எடுத்தால் போய்விடும். கேஸ் ஒன்றுதான், அதைப் பார்க்கும் வழிகள் பல. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. டேக்கை `regresion` என்று தவறாக அடித்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சூட்டில் ஒன்று குறையும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னால் சூட்டின் எண்ணிக்கையைப் போன முறையோடு ஒப்பிட வேண்டும். புழக்கத்தில் உள்ளவற்றில் கட்டாயமான டேக் எதுவும் இல்லாத கேஸ்களை மட்டும் காட்டும் வினவல் ஒன்றையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

டேக்கே பெரிய குப்பைக்கூடை ஆகிவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். நான் பார்த்த திரையிலேயே `reg`, `Regr`, `regression-new` எல்லாம் இருந்தன. இதற்குக் காரணம், யார் வேண்டுமானாலும் புதிய டேக்கைப் பிறப்பிக்கலாம் என்று விட்டதுதான். டெஸ்ட்லிங்கில் முதலில் ப்ராஜெக்ட் அளவில் கீவேர்டை வரையறுத்த பிறகே கேஸில் சேர்க்க முடியும். அஷ்யூரில் புதிய டேக் உருவாக்கும் அனுமதியைச் சிலருக்கு மட்டும் தரலாம். டெஸ்ட்ரெயிலில் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் தனிப் புலம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஸ்மோக், ரிக்ரஷன், எந்தத் தளம், கையாலா தானியங்கியா என்பதற்கு மேல் பெரும்பாலான குழுக்களுக்குத் தேவைப்படாது. ஃபோல்டர் பெயரையே டேக்காக மறுபடியும் எழுதுவது வீண். பாதிக்கு மேற்பட்ட கேஸ்களில் ஒரே டேக் இருந்தால், அதை வைத்து வடிகட்டியும் பயனில்லை.

தேடல் பெட்டி இருக்கும்போது ஃபோல்டரே எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் தேடல் உண்மையிலேயே வேகமானது. ஆனால் அது எழுதியிருக்கும் சொல்லைத்தான் தேடுகிறது. ஒருவர் `refund` என்று எழுதுகிறார், இன்னொருவர் `money back`, மூன்றாமவர் `reversal`. `refund` என்று தேடி ஒன்றும் வராவிட்டால், கேஸே இல்லை என்று முடிவு செய்து நான்காவதை எழுதுகிறோம். ‘இல்லை’ என்பதைத் தேடலால் உறுதியாகச் சொல்ல முடியாது. `Cancellation` ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் பயணி ரத்து செய்தால், முகவர் ரத்து செய்தால், பேருந்து நிறுவனமே ரத்து செய்தால் என்று துணை ஃபோல்டர்கள் இருந்து, கடைசியது காலியாக இருந்தால், அந்த வெறுமை அங்கேயே கண்ணில் படுகிறது. எந்தச் சோதனை விடுபட்டிருக்கிறது என்று காட்டுவதற்கு மரம்தான் வேண்டும்.

இடம் சொல்ல முடியாத கேஸ்களும் உண்டு. பதிவு செய்து, யுபிஐயில் பணம் கட்டி, ரத்து செய்து, பணம் கணக்குக்கு வந்ததா என்று பார்ப்பது எந்தப் பகுதி? கடைசி எதிர்பார்ப்பு எங்கே சரிபார்க்கப்படுகிறதோ அங்கே வைக்கலாம், இங்கே அது ரத்துப் பகுதி. அல்லது முழுவழிப் பயணங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் வைக்கலாம். எதுவானாலும் குழு முழுக்க ஒரே முடிவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு இடத்திலும் பிரதி முளைக்கும்.

ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் மரத்தை ஒரே மூச்சில் பிரித்து அடுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் வெளியீடு வந்து வேலை பாதியில் நிற்கும். விதி மாறி ஒரு பகுதியைத் தொட வேண்டி வரும்போது, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரத்து பற்றிய மூன்று பிரதிகளின் படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ரன் வரலாறு அதிகம் உள்ளதை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் மட்டும் இருக்கும் படிகளை அதில் சேர்க்க வேண்டும். மிஞ்சும் இரண்டையும் உடனே அழித்துவிடக் கூடாது. அஷ்யூரில் அழித்த டெஸ்ட் கேஸை மீட்க முடியாது. ‘வழக்கொழிந்தது’ என்று நிலையை மாற்றி, எந்தக் கேஸ் அதற்குப் பதில் என்று அதன் எண்ணைக் குறித்து, எந்த வினவல் சூட்டிலும் வராதபடி டேக்குகளை எடுத்துவிட்டால் போதும்.