வாடகைக் கணக்கு மாறும்போது

சென்னையில் சில வீட்டுக்காரர்களுக்காக வாடகை வரவைப் பார்த்துக்கொள்கிறேன். வங்கிக் கணக்கு மாறினால் குடியிருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலைதான். மோசடிக்காரன் அனுப்பும் கடிதமும் இதையேதான் சொல்லும்: பழைய கணக்கு வேண்டாம், இனி இதில் போடுங்கள். அதனால் நம்ப வைக்கும் கடிதத்தை நான் எழுதுவதில்லை. சரிபார்க்க வைக்கும் கடிதத்தைத்தான் எழுதுகிறேன்.

அடையாறில் வீடு வைத்திருக்கும் ஒரு அம்மா மகளோடு இருக்கக் கோவைக்குப் போனார். கணக்கையும் வேறு வங்கிக்கு மாற்றினார். அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது: "ஜூலை முதல் வாடகையைப் புதிய கணக்கில் போடவும். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணுக்கு அழைக்கவும்."

'ஜூலை முதல்' என்றாலே குழப்பம். அந்த வீட்டில் ஜூன் வாடகையை ஜூலை 5-க்குள் கட்டுவார்கள். அது எந்தக் கணக்குக்கு? இப்படி மாற்றினேன்: "ஜூலை 5-க்குள் கட்டும் ஜூன் வாடகை வரை பழைய கணக்கு. ஆகஸ்ட் 5-க்குள் கட்டும் ஜூலை வாடகையிலிருந்து புதிய கணக்கு."

கீழே உள்ள எண் இன்னும் ஆபத்து. போலிக் கடிதத்தில் போலி ஆளின் எண்தானே இருக்கும்? எனவே கடிதத்தில் எண்ணே போடவில்லை. "வாடகை ஒப்பந்தத்தில் உள்ள என் எண்ணுக்கு நீங்களே அழைத்து, கணக்கு எண்ணைப் படித்துக் காட்டி உறுதிசெய்யுங்கள். அதுவரை பழைய கணக்கிலேயே போடலாம், தாமதமாகக் கருத மாட்டேன்" என்று எழுதினேன். கடைசி வரி எனக்கு ரொம்ப முக்கியம். அவசரப்படுத்தினால்தான் மோசடிக்காரனுக்குப் பிழைப்பு.

பெயரிலும் கவனம் வேண்டும். நெஃப்ட்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே போகும்; பெயர் பொருந்தாவிட்டாலும் நிற்காது. அனுப்பும் முன் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அந்த அம்மாவுக்கு ஒப்பந்தத்தில் அப்பா பெயரின் இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர். திரையில் வேறு பெயர் வந்தால் குடியிருப்பவர் தயங்கத்தானே செய்வார்? பாஸ்புக்கில் உள்ளபடியே பெயரை எழுதி, வித்தியாசம் ஏன் என்று ஒரு வரி சேர்த்தேன். மருமகன் கணக்கு, தம்பி கணக்கு என்றால் கதை வேறு. வெறும் கடிதத்தோடு விடாமல், ஒப்பந்தத்துக்குத் துணையாகக் கையெழுத்திட்ட தாள் ஒன்றையும் வாங்கிவிடுவேன்.

முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் பணம் வந்ததென்று யார் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய எண்ணில் பேசும் வீட்டுக்காரர் சொன்னால் சரி. கடிதம் வந்த வாட்ஸ்அப்பிலேயே "வந்துவிட்டது" என்று பதில் வந்தால் அதற்கு மதிப்பில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால், தயங்காமல் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்க வேண்டும்.

பழைய கணக்கை அவசரமாக மூட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவைத்தேன். மாதந்தோறும் தானாகப் பணம் போகும்படி வங்கியில் சொல்லிவைத்த குடியிருப்பவர், கடிதத்தைப் படித்த பிறகும் அதை மாற்ற மறந்துபோவார்.