இளையாள் பிள்ளைகளுக்கு எந்த நிலத்தில் பங்கு?

முசிறிப் பக்கம் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயி இறந்துபோனார். அவர் விட்டுப்போனது நாலரை ஏக்கர். மூன்று ஏக்கர் பூர்வீகம். மீதி ஒன்றரை ஏக்கர் வாழை போட்டுச் சேர்த்த காசில் அவரே கிரயம் வாங்கியது. கிணறும் மோட்டாருக்கான இலவச மின் இணைப்பும் இந்த ஒன்றரை ஏக்கரில்தான் இருக்கின்றன.

மூத்தாளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மூத்தாள் இருக்கும்போதே, விவாகரத்து எதுவும் வாங்காமல், கோயிலில் தாலி கட்டி இன்னொரு பெண்ணையும் அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கும் ஒரு மகன், ஒரு மகள். உயில் எழுதவில்லை. கடைசிப் பத்து வருடம் கிணற்றடி நிலத்தில் பாடுபட்டது இளையாள் மகன்தான்.

கருமாதி முடிந்ததும் பேச்சு கிளம்பியது. "அது செல்லாத கல்யாணம். உங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது" என்றார் மூத்தாள் மகன். "நாலு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவங்கதானே அண்ணே, நாலரையை நாலாகப் பிரிங்க" என்றார் இளையாள் மகன். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் மனைவி இறந்த பிறகோ, நீதிமன்றத்தில் விவாகரத்து ஆன பிறகோ நடந்த இரண்டாம் கல்யாணம் முழுக்கச் செல்லும். அந்தப் பிள்ளைகளுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் சொத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பூர்வீகத்திலும் பிறப்பிலேயே உரிமை உண்டு. சிக்கல் முதல் மனைவி இருக்கும்போதே நடந்த கல்யாணத்தில்தான். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி அது செல்லாது. ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும் அந்த அம்மா சட்டப்படி மனைவி ஆக மாட்டார். கணவர் சொத்தில் மனைவி என்ற முறையில் பங்கு வராது. ஆனால், பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்கிறது. கூடவே ஒரு வரம்பும் வைக்கிறது: பெற்றோரின் சொத்தில் மட்டும்தான் அவர்களுக்கு உரிமை. தாத்தா, பெரியப்பா சொத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. (இது இந்துக்களுக்கான சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள்.)

அப்படியானால் பூர்வீகத்தில் எது அப்பாவின் சொத்து? பல வருடம் இழுத்த இந்தக் கேள்விக்கு 2023 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. அப்பா இறப்பதற்குச் சற்று முன்பு பூர்வீகச் சொத்தைப் பாகம் பிரித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் அப்பாவுக்கு விழும் பாகம் எவ்வளவோ, அது அவருடைய சொத்து. அதில் இளையாள் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்போது 'என் பங்கைப் பிரித்துக் கொடு' என்று அவர்கள் வழக்குப் போட முடியாது.

முசிறிக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பூர்வீகம் 300 சென்ட். பிறப்பால் உரிமை உள்ளவர்கள் அப்பா, மூத்தாள் மகன், மூத்தாள் மகள் ஆகிய மூவர். மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. நம் பக்கத்து வழக்கப்படி இந்தப் பாகப்பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பாகம் ஒதுக்குவதில்லை. ஆக, ஆளுக்கு 100 சென்ட். அப்பாவின் 100 சென்ட்டுக்கு வாரிசு ஐந்து பேர்: மூத்தாள், அவருடைய இரண்டு பிள்ளைகள், இளையாளின் இரண்டு பிள்ளைகள். தலைக்கு 20 சென்ட். அப்பாவே வாங்கிய 150 சென்ட்டுக்கும் அதே ஐந்து பேர்தான். தலைக்கு 30 சென்ட். அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்திருந்தால் அவரும் ஒரு வாரிசு; ஆறாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

கூட்டிப் பார்த்தால் மூத்தாளின் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 150 சென்ட், மூத்தாளுக்கு 50 சென்ட், இளையாளின் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 50 சென்ட்.

இந்தக் கணக்கு மூன்று ஏக்கர் உண்மையிலேயே கூட்டுக் குடும்பப் பூர்வீகம் என்றால்தான் பொருந்தும். ஏமாறுகிற இடம் இதுதான். தாத்தா காலத்து நிலம் எல்லாவற்றையும் ஊரில் பூர்வீகம் என்றே சொல்கிறார்கள். தாத்தா சொந்தமாக வாங்கிய நிலமாக இருந்து, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச்சொத்து. அப்போது மூத்தாள் பிள்ளைகளுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது. இந்தக் குடும்பத்தில் அப்படி இருந்தால் நாலரை ஏக்கரும் ஐந்து சமபங்காகி, தலைக்கு 90 சென்ட் வந்திருக்கும். 50 சென்ட்டா, 90 சென்ட்டா என்பதை பட்டா சொல்லாது; மூலப் பத்திரம்தான் சொல்லும். இவர்கள் வீட்டில் தாத்தாவும் அவருடைய தம்பியும் செய்துகொண்ட பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. 'எங்கள் தகப்பனார் வழி வந்த பிதுரார்ஜிதம்' என்று அதில் தெளிவாக எழுதியிருந்ததால் அந்த விவாதம் நீளவில்லை. வீட்டில் பத்திரம் இல்லாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு நகல் எடுக்கலாம்.

வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, இரண்டு குடும்பத் தகராறு இருப்பதால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார் தாசில்தார். இதைப் பார்த்துப் பலர் தங்களுக்கு உரிமையே இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. அந்தச் சான்றிதழ் உரிமையைக் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. இளையாள் மகள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். பாகப்பிரிவினை வழக்குப் போட்டாயிற்று. தகப்பன் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, கோயிலில் எடுத்த கல்யாணப் போட்டோ எல்லாம் தாக்கலாயின. போட்டோ முக்கியம். கல்யாணச் சடங்கு நடந்ததா, சேர்ந்து வாழ்ந்தார்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் குடைவார்.

வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. கணக்குத் தெரிந்த பிறகு பேச்சு சுலபமானது. எல்லா நிலத்திலும் 20, 30 சென்ட்டாக வெட்டினால் யாருக்கும் உழ முடியாது. டிராக்டர் திரும்பவே இடம் இருக்காது. அதனால் இளையாள் பிள்ளைகள் இருவருக்கும் சேர்ந்த 100 சென்ட்டைக் கிணற்றடி நிலத்திலேயே ஒரே துண்டாகக் கொடுத்தார்கள். மீதி 50 சென்ட்டும் பூர்வீக மூன்று ஏக்கரும் மூத்தாள் பக்கம். கிணறு விழுந்தது இளையவர் துண்டில் என்பதால், வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் அந்த 50 சென்ட்டுக்கு என்றும், எட்டடிப் பாதை எந்த வரப்போரம் என்றும், மின் கட்டணம் வந்தால் யார் கட்டுவது என்றும் சமரசத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அதன் நகலை வைத்து சர்வேயர் அளந்து உட்பிரிவு போட்டார். தனிப் பட்டா வந்த பிறகுதான் இளையவரால் சிட்டா, அடங்கலோடு சொட்டுநீர் மானியத்துக்கு எழுதிக் கொடுக்க முடிந்தது. மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற மூத்தாள் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் சம்மதித்துவிட்டார், அக்கா பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.