மாலை 6 மணி வரை

அந்தப் பிள்ளை வந்தபோது மணி 5.20. கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மாவோட வந்திருந்தா. கையில் கொப்பித்தாளில் எழுதின புத்தகப் பட்டியல். நாங்கள் மூன்றாவது பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம்.

“ஆறு மணி வரைக்கும் எண்டுதானே போட்டிருந்தீங்க?” என்று அம்மா கேட்டார்.

போட்டிருந்தது உண்மை. மண்டபம் 6 மணி வரைக்கும்தான் எங்களுக்கு. கப்ஷன் எழுதினவர் அந்த நேரத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். ஆறுக்குச் சாவி கொடுக்க வேண்டுமென்றால் ஐந்துக்கே பொதி கட்டத் தொடங்க வேண்டும் என்பது பெட்டி தூக்கினவர்களுக்குத் தெரியும். கப்ஷன் எழுதினவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கவில்லை.

அன்று இரவு அந்த கப்ஷனைத் திரும்ப வாசித்தோம். இதுதான் அது:

“புத்தகங்களின் வாசனை உங்களை அழைக்கிறது! இந்த வார இறுதியில் வெள்ளவத்தையில் மாபெரும் புத்தகக் கண்காட்சி. காலை 9 – மாலை 6. அனுமதி இலவசம். அனைவரும் வருக!”

வாசனை வரியில் எங்களுக்கு அப்போது சரியான பெருமை. ஆனால் இன்ஸ்டாவில் கப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மிச்சத்தைப் பார்க்க அழுத்த வேண்டும். வெளியே தெரிகிற இடத்தையெல்லாம் வாசனை சாப்பிட்டுவிட்டது.

“இந்த வார இறுதி”யும் பிழை. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எந்த வாரம்? முடிந்து இரண்டு நாளைக்குப் பிறகு ஓர் அங்கிள் எடுத்து, “வாற சனி தானே தம்பி?” என்று கேட்டார்.

இடத்தை போஸ்டரில் மட்டும் போட்டிருந்தோம்: கொழும்புத் தமிழ்ச் சங்கம். படத்திலுள்ள எழுத்தை வழமைபோல அழுத்திப் பிடித்து கொப்பி பண்ணி பிக்மீயில் ஒட்ட முடியாது. அந்த ஒழுங்கைக்கு இரண்டு பெயர் வேறு. ஒருவர் 57ஆம் ஒழுங்கை என்பார், இன்னொருவர் உருத்திரா மாவத்தை என்பார். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவருக்கு இது பிரச்சினையில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து 155இல் ஏறி, எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொண்டு வாறவருக்கு இரண்டு பெயரும் வேண்டும்.

அனுமதி இலவசம் என்றதை நாங்கள் யோசிக்கவே இல்லை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்துப் பழகினவர்களுக்கு அது தேவையான தகவல்தான். ஆனால் வேறு இரண்டு கேள்வி வந்தது. “புத்தகமும் சும்மாவா?” ஒன்று. “கண்காட்சி எண்டா பாக்க மட்டுமா, வாங்கலாமா?” மற்றது. பழைய ஆட்கள் அழைப்பிதழ்களில் “கண்காட்சியும் விற்பனையும்” என்று இழுத்து எழுதுவதை நாங்கள் நக்கலடித்திருக்கிறோம். அந்த இரண்டாவது சொல் சும்மா போட்டதல்ல.

அந்தப் பிள்ளைக்காகக் கட்டின பெட்டிகளில் இரண்டை அவிழ்த்தோம். பட்டியலில் ஐந்து புத்தகம் இருந்தது, இரண்டுதான் கிடைத்தது. மிச்சம் கீழே போன பெட்டிகளில். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, இருட்ட முதல் போகவேணும் என்று அம்மா அவசரப்பட்டார். 155 வராவிட்டால் 100 அல்லது 101இல் புறக்கோட்டைக்குப் போய், அங்கேயிருந்து இன்னொரு பஸ். காலையில் ஏன் வரவில்லை என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பிள்ளையின் தோளில் டியூஷன் பை தொங்கியதைக் கண்டு அடக்கிக்கொண்டோம்.

இப்போது எங்களிடம் இருக்கும் கப்ஷன் இது. திகதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறோம்:

“புத்தகக் கண்காட்சியும் விற்பனையும். சனி __, ஞாயிறு __ (மாதம், ஆண்டு). காலை 9 – மாலை 5.
கொழும்புத் தமிழ்ச் சங்கம், இல. 7, 57ஆம் ஒழுங்கை (உருத்திரா மாவத்தை), வெள்ளவத்தை, கொழும்பு 06.
உள்ளே வரக் கட்டணமில்லை. புத்தகங்கள் விற்பனைக்கு. காசு மட்டும், கார்ட் இல்லை.
கொட்டாஞ்சேனையிலிருந்து: 155 பஸ்.
பிந்தி வாறதென்றால் மெசேஜ் போடுங்கள், கேட்ட புத்தகத்தை எடுத்து வைக்கிறோம்.”

வாசனை இல்லை. எங்களில் ஒருவருக்கு இதில் இன்னும் கோபம், “இது கரண்ட் பில் மாதிரிக் கிடக்கு” என்கிறார். ஐந்து மணி என்று போட்டால் கூட்டம் குறையும் என்று வேறொருவர். கடைசி வரியை எடுக்க மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் பட்டியலில் மிஞ்சின மூன்று புத்தகமும் இப்போது மேல் பெட்டியில் இருக்கின்றன. பெயர் கேட்க மறந்துவிட்டோம்.