அஸருக்குப் பிறகு என்றால் எத்தனை மணி?

ராத்தாவின் கலியாணம் ஓகஸ்ட் விடுமுறையில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள் நான்தான் என்பதால், படம் எடுப்பவரோடு பேசி நேரங்களை உறுதிப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பன்னிரண்டு நாட்கள் எடுத்தது.

படம் எடுப்பவர் ஒரு பெண். கல்முனைப் பக்கத்தில் பெண்களின் படங்களைப் பெண்ணே எடுக்க வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் பல. அவவை நான் 'ராத்தா' என்றேன். அவ என்னை 'தங்கச்சி' என்றா. பள்ளிவாசலில் ஆண்கள் பக்கத்தை அவவுடைய தம்பி எடுப்பார் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். முதல் தடவை பேசியபோதே ஒரு கேள்வி கேட்டா. "நிக்காஹ் எத்தனை மணிக்கு?"

"அஸருக்குப் பிறகு" என்றேன்.

"அது நேரம் இல்ல தங்கச்சி. எந்த அஸர்? பாங்கா, ஜமாஅத்தா, பள்ளியை விட்டு வெளிய வாறதா?"

அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. உம்மாவிடம் கேட்டேன்; மூன்றரை என்றா. மாப்பிள்ளையின் உம்மாவுக்கு, அதாவது மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நாலே காலுக்கெல்லாம் வந்திடுவோம் மகள், இன்ஷா அல்லாஹ்" என்றா. மச்சானிடம் கேட்டால் ஐந்து மணி என்றார். மூவரும் சொன்னது ஒரே 'அஸருக்குப் பிறகு'தான். அந்த வாரம் எங்கள் ஊரில் அஸர் பாங்கு 3.28க்கு. ஜமாஅத் முடிய நாலு மணியாகும். அதற்குப் பிறகு குத்பா, ஒப்புக்கொள்ளல், பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து என்று அரை மணித்தியாலம். கைகொடுத்து, பேரீச்சம்பழம் பகிர்ந்து, எல்லோரும் செருப்பைத் தேடி வாகனம் ஏறி எங்கள் வாசலுக்கு வர இன்னும் பதினைந்து நிமிடம். ஆகவே மாப்பிள்ளை வரும் நேரம் 4.45. மச்சான் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட இருந்தது.

நேரங்களைத் தாளில் எழுதியபோதுதான் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. 'மணமகளும் வாப்பாவும்' என்ற படத்தை நான் 4 மணிக்குப் போட்டிருந்தேன். வாப்பாதானே வலி! அந்த நேரம் அவர் பள்ளிவாசலில் ராத்தாவை நிக்காஹ் செய்து கொடுத்துக்கொண்டு இருப்பார். மாப்பிள்ளை வந்த பிறகு எடுக்கலாமே என்றால், அப்போது வாப்பா விருந்தாளிகளை விட்டு ஒரு நிமிடமும் நகர மாட்டார். ஆகவே அந்தப் படம் அவர் பள்ளிக்குப் புறப்படும் 3.15க்கு முன்னரே எடுபட வேண்டும். அதற்கு ராத்தா அதற்கு முன்னர் உடுத்தி முடித்திருக்க வேண்டும். ஒரு படம் பகல் முழுவதையும் பின்னுக்கு இழுத்தது.

அடுத்தது மூத்தம்மா. அவவால் நெடுநேரம் உட்கார ஏலாது. மஃரிபுக்குப் பிறகு ஆளையே அடையாளம் தெரியாத அளவுக்குக் களைத்துப் போவா. ராத்தாவும் மச்சானும் அவவோடு இருக்கும் ஒரு படம் வேண்டும் என்பது ராத்தா கேட்ட ஒரே விடயம். என் பட்டியலில் அது கடைசியில், சின்னப் பிள்ளைகளுக்குப் பிறகு இருந்தது.

இரண்டு குடும்பங்களும் கேட்ட கூட்டுப் படங்களை எண்ணினேன். இருபத்திநாலு. "ஒரு கூட்டத்தை நிறுத்தி, முக்காட்டைச் சரிசெய்து, பிள்ளையைத் தூக்கி எடுக்க மூணு, நாலு நிமிஷம் வேணும்" என்றா படம் எடுக்கும் ராத்தா. இருபத்திநாலுக்கு ஒன்றரை மணித்தியாலம். மஃரிப் 6.22க்கு. நேரம் இல்லை. மாமியோடு உட்கார்ந்து பதினொன்றாகக் குறைத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மாமிதான் தன் பக்கத்தில் முதலில் நாலு கூட்டத்தை வெட்டினா. மிச்சத்தை அடுத்த நாள் வலீமாவில் எடுக்கலாம் என்றா.

தாமதத்துக்கு விடும் இடைவெளியை எங்கே வைப்பது என்பதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நான் எல்லாவற்றையும் கடைசியில் ஒரு மணித்தியாலமாக வைத்திருந்தேன். அது பிழை என்றா அவ. கடைசியில் இருப்பது இருட்டு. பிந்திய படத்தை அங்கே தள்ள முடியாது. அசைக்க முடியாத நேரங்களுக்கு முன்னால்தான் இடைவெளி இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி மூன்று: வாப்பா புறப்படுவது, மூத்தம்மாவின் படம், மஃரிப் பாங்கு. ஆகவே ராத்தா ஆயத்தமாகும் நேரம் 2 மணி. முதல் படம் 2.30. மாப்பிள்ளை 4.45, மூத்தம்மாவோடு படம் 5.05. கூட்டுப் படங்கள் 5.15 தொடக்கம் 5.50 வரை. பிறகு இருவரும் தனியாக, முற்றத்துப் பலா மரத்தடியில், 6.05 வரை. அதன் பின் பதினைந்து நிமிடம் வெறுமை.

என் சாச்சி ஒரு யோசனை சொன்னா. "அவங்களுக்கு அரை மணித்தியாலம் முந்திச் சொல்லிடு, அப்பதான் சரியா வருவாங்க." எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. படம் எடுக்கும் ராத்தா மறுத்தா. "பொய் நேரம் சொன்னா நேரத்துக்கு வாறவங்கதான் காத்துக் கிடப்பாங்க. அடுத்த தரம் அவங்களும் நம்ப மாட்டாங்க." அதனால் தாளில் இரண்டு நேரங்களையும் பக்கத்துப் பக்கமாக எழுதினோம்: ஆயத்தமாகும் நேரம், எடுக்கும் நேரம். இடையில் உள்ளது தாமதத்துக்கு என்று வெளிப்படையாகவே போட்டோம்.

உறுதிப்படுத்துவது என்றால் தாளை அனுப்பி 'ஓம்' வாங்குவது அல்ல என்பதும் தெரிந்தது. ராத்தா, மச்சான், உம்மா, வாப்பா, மாமி என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் நேரத்தை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டேன். "மூத்தம்மாவை யார் கூட்டிவாறது?" என்று கேட்டபோது உம்மா மாமா என்றா, மாமாவோ அந்த நேரம் பள்ளிவாசலில் இருப்பதாகச் சொன்னார். அந்த வேலை எனக்கே வந்தது. பெண்கள் படங்கள் எவருடைய முகநூலுக்கும் போகக் கூடாது என்பதையும் அதே பேச்சில் முடித்துக்கொண்டோம்.

அன்றைய நாள் எப்படிப் போனது? ராத்தா 2.25க்குத்தான் ஆயத்தமானா, முக்காட்டு ஊசி ஒன்று தொலைந்துபோனது. இடைவெளி அதை விழுங்கியது. வாப்பா படத்துக்கு வந்து நின்றார். ராத்தாவின் தலையில் கை வைத்தவர் எதுவும் பேசவில்லை. 3.15க்குப் புறப்பட்டார். பதிவுகாரர் வேறொரு நிக்காஹ்விலிருந்து பிந்தி வந்ததால் மாப்பிள்ளை வரும்போது 5.10. ஐந்து நிமிடம் கையை மீறியது. கூட்டுப் படங்களின் நடுவே மச்சானின் சாச்சாவைத் தேடி இன்னும் பத்து நிமிடம் போனது. அவர் சமையல் பந்தலில் சஹனுக்குச் சோறு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பலா மரத்தடியில் கடைசிப் படம் எடுத்து முடிக்க 6.20. கமெராவை மூடும்போது பாங்கு சொல்லிற்று.

மூத்தம்மாவை நான் 5 மணிக்கே கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருந்தேன். படத்தில் அவ ராத்தாவைப் பார்க்கவில்லை. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யார்ர மகன்?" என்று கேட்டுக்கொண்டு இருக்கிறா. மச்சான் குனிந்து பதில் சொல்கிறார். ராத்தா சிரிக்கிறா. ஆறு மணிக்கு நான் போய்ப் பார்க்கையில் மூத்தம்மா உள்ளறையில் தூங்கிவிட்டிருந்தா.